எந்தப் பூஜ்யத்திலிருந்து? கடல் மட்டத்தின் கணக்கு

ஆடி மாதம் வந்தால் மேட்டூர் நீர்மட்டம் செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வந்துவிடும். 98 அடி, 105 அடி, கடைசியில் 120 அடி என்று நிரம்பி, உபரி நீர் திறந்துவிடப்படும். முல்லைப் பெரியாறு என்றால் 142 அடி என்ற எண் தேனி மாவட்டத்தில் குழந்தைக்கும் தெரியும். அதே நாட்களில் கேரளச் செய்தியைப் பார்த்தால், இடுக்கி அணை 2400 அடியைத் தொட்டுவிட்டது என்று இருக்கும். முழுக் கொள்ளளவு 2403 அடி. மேட்டூரைப் போல இருபது மடங்கு ஆழமான அணை ஒன்று பக்கத்திலேயே இருப்பதாக யாராவது நினைத்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எண்களின் பக்கத்தில் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு: எங்கிருந்து அளந்தது என்பது.

இடுக்கியின் எண் கடல் மட்டத்திலிருந்து அளந்தது. மேட்டூரின் எண் அந்த அணைக்கென்று வைத்துக்கொண்ட ஒரு பூஜ்யத்திலிருந்து அளந்தது. மேட்டூர் நிரம்பியிருக்கும்போது அதன் நீர்ப்பரப்பு கடல் மட்டத்திலிருந்து 790 அடி உயரத்தில் நிற்கிறது. அப்படியானால் அணையின் சொந்தப் பூஜ்யம் 670 அடியில் இருக்கிறது. அணையை நடத்துகிறவருக்கு 120 என்ற எண்தான் வசதி. எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, எத்தனை நாள் வரும் என்ற கேள்விக்கு அது நேராகப் பதில் சொல்கிறது. ஆனால் மேட்டூரிலிருந்து திறந்த தண்ணீர் முக்கொம்புக்குப் போய், அங்கிருந்து டெல்டாவின் கடைமடை வரை எந்தச் சரிவில் இறங்குகிறது என்று கணக்குப் போட வேண்டுமானால், மேட்டூருக்கு ஒரு பூஜ்யம், திருச்சிக்கு ஒரு பூஜ்யம், நாகைக்கு ஒரு பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எல்லா இடத்துக்கும் பொதுவான ஒரு மட்டம் வேண்டும். அதைத்தான் ஆதார மட்டம் என்கிறோம்.

அந்தப் பொது மட்டத்துக்குக் கடலை எடுத்துக்கொண்டது இயல்பான தேர்வு. தண்ணீர் கடைசியில் போய்ச் சேரும் இடம் அது. எல்லாக் கரைகளையும் தொடுகிறது. நின்ற தண்ணீர் தானாகவே மட்டமாக நிற்கும் என்ற நம்பிக்கையும் நமக்கு உண்டு. இந்த நம்பிக்கையில்தான் சிக்கல் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில், கடலுக்கு ஒரு மட்டம் கிடையாது. அலையை விட்டுவிடலாம், அது நொடிக் கணக்கு. ஓதம் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. சென்னையில் அது பெரிய ஓதம் இல்லை, பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில்கூட ஒரு மீட்டர் அளவில்தான் ஏறி இறங்கும். அதைத் தாண்டி பருவத்துக்கு ஒரு ஏற்ற இறக்கம் உண்டு. நம் கிழக்குக் கரையில் ஐப்பசி, கார்த்திகையில் கடல் பொதுவாகவே உயர்ந்து நிற்கும், பங்குனி வாக்கில் தாழ்ந்திருக்கும். கரையை ஒட்டி ஓடும் நீரோட்டம் திசை மாறுவதும், ஆறுகள் கொண்டுவரும் நன்னீரும், காற்றும் சேர்ந்து செய்கிற வேலை இது. இதற்கும் மேலே, நிலவின் பாதை மெல்லச் சாய்ந்து மாறி 18.6 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கிறது, அதற்கேற்ப ஓதத்தின் வீச்சும் மாறுகிறது. அதனால்தான் சராசரிக் கடல் மட்டத்தை முறையாகக் கண்டுபிடிக்க 19 ஆண்டுப் பதிவுகளைச் சேர்த்துச் சராசரி எடுப்பார்கள். ஒரு வாரம் அளந்து சொன்னால் அது அந்த வாரத்துக் கடல், அவ்வளவுதான்.

அளக்கும் விதம் பழைய காலத்தில் எளிமையானது. துறைமுகத்தில் ஒரு கிணறு போலக் கட்டி, அடியில் சிறு துளை வழியாகக் கடல்நீர் உள்ளே வரும்படி செய்வார்கள். துளை சிறிதாக இருப்பதால் அலையின் ஆட்டம் உள்ளே வராது, ஓதத்தின் ஏற்ற இறக்கம் மட்டும் வரும். மேலே ஒரு மிதவை, அதோடு இணைத்த பேனா, கடிகாரம் சுழற்றும் உருளையில் சுற்றிய தாள். இதுதான் டைடு கேஜ். இப்போது மிதவையின் இடத்தில் ரேடார் வந்துவிட்டது, கொள்கை மாறவில்லை. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த அந்தக் கோடுகளின் சராசரியைப் பக்கத்தில் உறுதியான கட்டடத்திலோ பாறையிலோ பதித்த ஒரு கல்லோடு ஒப்பிட்டு, இந்தக் கல் சராசரிக் கடல் மட்டத்துக்கு இத்தனை மீட்டர் மேலே இருக்கிறது என்று எழுதி வைப்பார்கள். அந்தக் கல்தான் பெஞ்ச் மார்க். கவனித்தால், அந்தக் கணத்திலிருந்து நாம் அளப்பது கடலிலிருந்து அல்ல, அந்தக் கல்லிலிருந்து. கடல் அதற்குப் பிறகு உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் கல்லின் எண் மாறாது, யாராவது உட்கார்ந்து மாற்றி எழுதும்வரை.

அப்புறம் அந்த எண்ணை உள்நாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மட்டமான கோட்டில் பார்க்க உதவும் தொலைநோக்கிதான் லெவல் கருவி, அளவு குறித்த கோல்தான் ஸ்டாஃப். லெவல் கருவியை நடுவில் வைத்து, பின்னால் உயரம் தெரிந்த புள்ளியில் ஒரு ஸ்டாஃப், முன்னால் உயரம் தெரியாத புள்ளியில் ஒரு ஸ்டாஃப். பின்பார்வை அளவிலிருந்து முன்பார்வை அளவைக் கழித்தால் இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசம். கருவியை எடுத்து முன்னே போய் மறுபடியும் அதே வேலை. ஒவ்வொரு முறையும் நூறு மீட்டர் நகர்ந்தால், சென்னையிலிருந்து பெங்களூரு வரை சுமார் 350 கிலோமீட்டருக்கு 3500 முறை கருவியை நிறுத்த வேண்டும். இரண்டு பக்கத் தூரமும் சமமாக இருக்க வேண்டும் என்பதில் அனுபவசாலிகள் பிடிவாதமாக இருப்பார்கள். காரணம், கருவியின் கோட்டில் ஒரு சிறு சாய்வு இருந்தாலும், சம தூரத்தில் இரண்டு பக்கமும் ஒரே அளவு தவறு வந்து, கழிக்கும்போது அடிபட்டுப் போகும். பூமியின் வளைவும் அப்படியே அடிபட்டுப் போகும்.

இவ்வளவு கவனித்தாலும் பிழை சேரும். துல்லியமான லெவலிங்குக்கு நம் ஊர்ப் பாடப்புத்தகங்கள் சொல்லும் வரம்பு, கிலோமீட்டரில் சொன்ன தூரத்தின் வர்க்கமூலத்தை 4 மில்லிமீட்டரால் பெருக்குவது. 350 கிலோமீட்டருக்கு அது சுமார் 75 மில்லிமீட்டர். நான்கு விரல்கடை. முழுக்க முழுக்கக் கண்ணாலும் காலாலும் செய்த வேலைக்கு அது எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது.

இந்தியாவில் இந்த வேலை 1858இல் தொடங்கியது. அரை நூற்றாண்டில் துணைக்கண்டத்தின் குறுக்கும் நெடுக்குமாக லெவல் கோடுகள் ஓடின. 1909இல் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துச் சரிசெய்யும் வேலை சர்வே ஆஃப் இந்தியாவில் முடிந்தது. அந்த நிறுவனத்தின் அதிகாரி சிட்னி பர்ராட் அதன் விரிவான பதிவை அடுத்த ஆண்டு வெளியிட்டார். அந்தச் சரிக்கட்டலில்தான் நம் கதையின் முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது.

கரையோரம் ஒன்பது துறைமுகங்களில் நல்ல ஓதப் பதிவுகள் இருந்தன: கராச்சி, பம்பாய், கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், ஒடிசாக் கரையில் ஃபால்ஸ் பாயிண்ட். ஒன்பதிலும் சராசரிக் கடல் மட்டத்தைப் பூஜ்யம் என்று வைத்துவிட்டார்கள். ஒரே கடல், ஒரே மட்டம், எனவே ஒன்பது பூஜ்யமும் ஒரே பூஜ்யம்தான் என்பது இதன் உள்ளர்த்தம். இன்றைக்கும் டோப்போ ஷீட் என்று சொல்லும் நம் நில வரைபடங்களில் இருக்கும் உயரங்கள், மஞ்சள் நிற ரயில் நிலையப் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே இருக்கும் எண், உதகமண்டலம் நிலையத்தின் 2203 மீட்டர், எல்லாவற்றுக்கும் அடித்தளம் இந்த ஒன்பது பூஜ்யங்கள்தான்.

ஆனால் லெவல் பார்த்தவர்களின் நோட்டுப்புத்தகம் வேறு சொன்னது. பம்பாயில் பூஜ்யத்தில் தொடங்கி, தக்காணத்தைக் கடந்து, விசாகப்பட்டினத்துக்கு வந்து கடலைத் தொட்டால், அங்கே கடல் பூஜ்யத்தில் இல்லை. சுமார் 30 சென்டிமீட்டர் மேலே நின்றது. வங்காள விரிகுடா அரபிக் கடலைவிட உயரமாக இருக்கிறது என்று லெவல் கருவி சொன்னது.

இந்த இடத்தில் உங்களை 1909இல் அந்த மேசையில் உட்கார வைத்துப் பாருங்கள். தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகம். மேலே சொன்ன வரம்புப்படி 1300 கிலோமீட்டருக்கு அனுமதிக்கப்பட்ட பிழையே 14 சென்டிமீட்டர் வருகிறது. 30 அதற்கு இரண்டு மடங்குதான். வெயிலில் தரையை ஒட்டிய காற்று ஒளியை வளைக்கும், மர ஸ்டாஃப் ஈரத்திலும் வெயிலிலும் நீளம் மாறும், இந்தப் பிழைகள் ஒரே பக்கமாகச் சேர்ந்தால் 30 சென்டிமீட்டர் வந்துவிடாதா? இரண்டு கடல்கள் கன்னியாகுமரிக்குத் தெற்கே ஒன்றாகக் கலக்கின்றன. அவற்றுக்குள் எப்படி ஒரு அடி நெருங்கிய வித்தியாசம் நிலையாக நிற்கும்? கருவியை நம்புவதா, கடலை நம்புவதா என்ற கேள்வியில் அவர்கள் கடலை நம்பினார்கள்.

கருவி சொன்னது சரி. அதற்கான விளக்கத்தை கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த டி. சங்கரும் எஸ்.ஆர். ஷெட்யேயும் 2001இல் எழுதினார்கள். காரணம் உப்பு.

வங்காள விரிகுடாவில் கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா என்று பெரிய ஆறுகள் வரிசையாகக் கொட்டுகின்றன. மழையும் அதிகம். அரபிக் கடலில் ஆவியாதல்தான் அதிகம், ஆறு குறைவு. அதனால் இங்கே மேல்நீரின் உப்பு குறைவு, அங்கே அதிகம். உப்பு குறைந்த தண்ணீர் எடை குறைந்தது. ஆழத்தில் ஓரிடத்தில் நின்று மேலே இருக்கும் தண்ணீரின் எடையைப் பார்த்தால், இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அடியில் தண்ணீர் ஒரு பக்கமாகத் தள்ளப்படும். எடை குறைந்த தண்ணீர் அதே எடையைத் தர வேண்டுமானால் கொஞ்சம் உயரமாக நின்றாக வேண்டும்.

எவ்வளவு உயரம் என்பதைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. ஒரு கரையில் மேலடுக்கில் அதைவிட 5 கிராம் குறைவு என்று வைத்துக்கொள்வோம், அந்த அடுக்கு 50 மீட்டர் ஆழம் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் உப்பு குறைந்தால் அடர்த்தி ஆயிரத்தில் முக்கால் பங்கு குறையும். ஐந்து கிராமுக்கு ஆயிரத்தில் 3.8 பங்கு. 50 மீட்டரை அதனால் பெருக்கினால் 19 சென்டிமீட்டர். இது தோராயக் கணக்குதான். வெப்பம், காற்று, ஆழமான அடுக்குகள் எதையும் சேர்க்கவில்லை. இருந்தாலும் 30 சென்டிமீட்டர் என்பது நடக்கக்கூடிய அளவு என்று உடனே தெரிந்துவிடுகிறது. லெவல் ஸ்டாஃபோடு தக்காணத்தின் வெயிலில் நடந்தவர்கள், தங்களுக்கே தெரியாமல், கங்கை கடலுக்குக் கொண்டுபோன நன்னீரை அளந்திருக்கிறார்கள். ஒரு அளவை அதைச் செய்தவர்களே நம்ப முடியாமல் போவதும், கிட்டத்தட்ட நூறு ஆண்டு கழித்து இன்னொரு துறையிலிருந்து அதற்குச் சான்று வருவதும் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி.

சரி, அந்த 30 சென்டிமீட்டர் என்ன ஆயிற்று? அது மறையவில்லை. இரண்டு கரைகளையும் பூஜ்யத்தில் கட்டிப்போட்டதால், நடுவில் இருக்கும் எல்லாப் பெஞ்ச் மார்க்குகளின் எண்ணிலும் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடப்பட்டது. அதாவது நம் நாட்டின் பூஜ்ய மட்டம் முழுக்க மட்டமானது அல்ல. அந்தப் பரப்பில் ஒரு கற்பனைத் தண்ணீரை ஊற்றினால் அது கிழக்கிலிருந்து மேற்காக, மிக மிக மெதுவாக, நகரும்.

இதனால் கெடுதி வந்ததா என்று கேட்டால், அன்றாட வேலைக்குப் பெரிதாக இல்லை என்பதுதான் என் கருத்து. ஒரு பெரிய கால்வாய்க்குப் பத்தாயிரத்துக்கு ஒன்று என்று சரிவு கொடுத்தால், கிலோமீட்டருக்கு 10 சென்டிமீட்டர். 30 சென்டிமீட்டர் என்பது மூன்று கிலோமீட்டர் கால்வாயின் முழுச் சரிவு. ஒரே இடத்தில் அந்தப் பிழை விழுந்தால் கால்வாய் ஓடாது. ஆயிரம் கிலோமீட்டரில் பரவியதால் கிலோமீட்டருக்கு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. கால்வாய் வெட்டுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. கடல் மட்டம் எவ்வளவு உயர்கிறது என்று பார்க்கிறவருக்கும், செயற்கைக்கோளின் அளவோடு ஒப்பிடுகிறவருக்கும்தான் அது காலில் இடறும்.

செயற்கைக்கோள் வந்ததும் பூஜ்யம் என்ற பேச்சே வேறு இடத்துக்குப் போய்விட்டது. ஜிபிஎஸ்ஸுக்குக் கடல் தெரியாது. அதற்குத் தெரிந்தது பூமியின் மையமும், பூமிக்கு ஏறத்தாழப் பொருந்தும்படி கணிதத்தில் வரைந்த, துருவங்களில் சற்றுத் தட்டையான ஒரு வழுவழுப்பான உருவமும்தான். எலிப்சாய்டு என்று சர்வேயர்கள் சொல்வது அதைத்தான். ஜிபிஎஸ் முதலில் தரும் உயரம் அந்தப் பரப்பிலிருந்து. கடலோ அந்த வழுவழுப்பான பரப்பில் நிற்பதில்லை. பூமியின் உள்ளே நிறை சீராகப் பரவியிருக்கவில்லை, எனவே ஈர்ப்பும் சீராக இல்லை, எனவே மட்டமான நீர்ப்பரப்பு என்பதே மேடும் பள்ளமுமாக வளைந்த ஒன்று. ஓதமும் காற்றும் நீரோட்டமும் உப்பு வித்தியாசமும் இல்லாவிட்டால் கடல் எந்தப் பரப்பில் நிற்குமோ, அதற்கு ஜியாய்டு என்று பெயர்.

ஜியாய்டின் மிக ஆழமான பள்ளம் உலகத்தில் எங்கே இருக்கிறது தெரியுமா? இலங்கைக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில். அங்கே மட்டமான நீர்ப்பரப்பு எலிப்சாய்டுக்குச் சுமார் 106 மீட்டர் கீழே இருக்கிறது. நியூகினி பக்கம் அதுவே 85 மீட்டர் அளவுக்கு மேலே ஏறியிருக்கிறது. நியூகினியிலிருந்து இலங்கைக்கு வரும் கப்பல், கணிதப் பரப்பின்படி கிட்டத்தட்ட 190 மீட்டர் கீழே இறங்குகிறது. ஆனால் கப்பலுக்கு எந்தச் சரிவும் கிடையாது, தண்ணீரும் அந்தப் பக்கம் ஓடாது, ஏனென்றால் வழி முழுக்க ஈர்ப்புக்குச் செங்குத்தாகத்தான் கடல் நிற்கிறது. தண்ணீர் எலிப்சாய்டைப் பார்த்து ஓடுவதில்லை, ஈர்ப்பைப் பார்த்துத்தான் ஓடுகிறது. இந்தப் பள்ளம் ஏன் வந்தது என்பதற்கு, பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் தேபஞ்சன் பாலும் ஆத்ரேயி கோஷும் 2023இல் ஒரு விளக்கம் முன்வைத்தார்கள். டெத்திஸ் என்ற பழைய பெருங்கடலின் தளம் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் ஆழமாக அமிழ்ந்து, ஆப்பிரிக்காவின் அடியில் இருந்த சூடான பொருளைக் கிளறி இந்தியப் பெருங்கடலின் அடியில் மேலே எழச் செய்தது, சூடான பொருள் எடை குறைந்தது என்பதால் அந்தப் பகுதியில் ஈர்ப்பு குறைந்தது என்பது அதன் சாரம்.

நாம் இந்தப் பள்ளத்தின் சரிவில்தான் குடியிருக்கிறோம். அதனால்தான் சென்னையில் திறந்த வெளியில் நின்று ஓர் ஆண்ட்ராய்டு செயலியில் உயரம் பார்த்தால் மைனஸ் எழுபது, மைனஸ் எண்பது என்று வரும். என்னிடம் இதைக் கேட்காத நண்பர் குறைவு. கைபேசி கெட்டுவிட்டதா, நாம் கடலுக்குள் இருக்கிறோமா என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை. ஆண்ட்ராய்டில் `getAltitude()` தருவது எலிப்சாய்டு உயரம். அதைச் செயலி மாற்றாமல் அப்படியே காட்டினால் இப்படித்தான் வரும். புதிய பதிப்புகளில் கடல் மட்ட உயரத்துக்கென்று `getMslAltitudeMeters()` தனியாக இருக்கிறது. பக்கத்தில் ஐபோன் வைத்திருப்பவருக்கு ஒற்றை இலக்கத்தில் நேர் எண் வரும், ஏனென்றால் அங்கே வழக்கமான உயரம் கடல் மட்டத்துக்கு மாற்றியே தரப்படுகிறது. மாற்றும் கணக்கு ஒரே ஒரு கழித்தல். எலிப்சாய்டு உயரம் h, அந்த இடத்தில் எலிப்சாய்டிலிருந்து ஜியாய்டு இருக்கும் உயரம் N, நமக்கு வேண்டியது H. எண்கள் உதாரணத்துக்கு:

```
h = -79.4
N = -86.9
H = h - N = 7.5
```

இந்தக் கழித்தலில் தவறு வந்தால் இரண்டு விதமாக வரும். முதல் விதம், N-ஐ மறந்துவிடுவது. அதில் ஆபத்து குறைவு. தமிழ்நாட்டில் எண்பது, தொண்ணூறு மீட்டர் பிழை என்றால் யார் பார்த்தாலும் பிடித்துவிடுவார்கள். இரண்டாவது விதம்தான் கெட்டது: ஏறத்தாழச் சரியான N-ஐப் பயன்படுத்துவது. உலகம் முழுமைக்குமான ஜியாய்டு மாதிரி ஒன்று N-ஐத் தரும். அது உலகக் கடலின் சராசரியைச் சார்ந்தது. நம் பெஞ்ச் மார்க்கோ அந்த ஒன்பது துறைமுகப் பூஜ்யத்தைச் சார்ந்தது. இரண்டுக்கும் இடையே சில பத்து சென்டிமீட்டர் வித்தியாசம் இருக்கலாம், இடத்துக்கு இடம் மாறவும் செய்யும். முடிவில் வரும் எண் நியாயமாகவே இருக்கும். 7.5 என்பதற்குப் பதில் 7.1 என்று வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. வெள்ள வரைபடம் போடுகிற வேலையில் அந்த 40 சென்டிமீட்டர், தெருவில் தண்ணீர் நிற்குமா வீட்டுக்குள் வருமா என்பதையே மாற்றிவிடும்.

இதைப் பிடிக்க ஒரே வழி, கருவியைத் தெரிந்த பெஞ்ச் மார்க் மேல் கொண்டுபோய் வைப்பது. அங்கே h அளந்து, கல்லின் மேல் எழுதிய H-ஐக் கழித்தால், நம் பூஜ்யத்துக்குரிய N கிடைக்கும். மாதிரி சொல்லும் N-ஓடு அதை ஒப்பிட வேண்டும். ஒரு கல் போதாது, கல்லே அசைந்திருக்கலாம். வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி மூன்று நான்கு கற்களில் செய்து பார்த்தால், எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே வித்தியாசம் வருகிறதா என்று தெரியும். ஒரே அளவு வந்தால் அது பூஜ்யங்களுக்கு இடையிலான வித்தியாசம், தைரியமாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு கல் மட்டும் தனியாகப் போனால் அந்தக் கல்லைச் சந்தேகிக்க வேண்டும்.

வித்தியாசம் தெரிந்திருந்தும் தவறு நடக்கலாம் என்பதற்கு ரைன் நதியின் மேல் லாஃபென்பர்க் ஊரில் கட்டிய பாலம் பெயர்பெற்ற உதாரணம். ஒரு கரை ஜெர்மனி, அதன் பூஜ்யம் ஆம்ஸ்டர்டாம் வழி வந்தது. மறுகரை சுவிட்சர்லாந்து, அதன் பூஜ்யம் மார்சேய் துறைமுகத்திலிருந்து வந்தது. இரண்டுக்கும் 27 சென்டிமீட்டர் வித்தியாசம் என்று எல்லோருக்கும் தெரியும், கணக்கிலும் சேர்த்தார்கள். கூட்டல் கழித்தல் குறி மாறிப் போனது. 2003இல் கட்டுமானத்தின்போது பார்த்தால் இரு பக்கமும் 54 சென்டிமீட்டர் வித்தியாசத்தில் நின்றன. இந்தியத் தீபகற்பத்தில் N எதிர்மறையான எண். எதிர்மறையைக் கழிக்கும்போது கூட்ட வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது.

துறைமுகத்துக்குள் போனால் இன்னொரு பூஜ்யம் இருக்கிறது. கப்பலோட்டிக்குச் சராசரிக் கடல் தேவையில்லை, ஓதம் மிகவும் இறங்கியிருக்கும்போதும் அடி தட்டாத ஆழம் வேண்டும். அதனால் கடல் வரைபடங்களில் ஆழம் அளக்கும் பூஜ்யத்தை மிகத் தாழ்ந்த ஓதத்தின் அருகில் வைப்பார்கள். சென்னையில் சராசரிக் கடல் மட்டம் அந்தப் பூஜ்யத்துக்குச் சுமார் 65 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. புயல் நேரத்தில் டைடு கேஜ் 1.8 மீட்டர் காட்டுகிறது என்று துறைமுகப் பூஜ்யத்தில் ஒருவர் சொல்லி, தரை உயரத்தைச் சர்வே பூஜ்யத்தில் வைத்திருக்கும் இன்னொருவர் அதை நேராக ஒப்பிட்டால், தண்ணீர் அரை மீட்டருக்கும் மேல் அதிகம் ஏறிவிட்டதாகத் தோன்றும்.

கல் அசைந்திருக்கலாம் என்று சொன்னேன். பெரும்பாலும் அது சிறிய அளவு: நிலத்தடி நீரை உறிஞ்சிய மண் அமுங்குவது, சாலை போடுகிறவர்கள் கல்லைத் தட்டிவிடுவது. 2004 டிசம்பர் 26 அன்று நடந்தது வேறு அளவு. அந்த நிலநடுக்கத்தில் போர்ட் பிளேர் ஒரு மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தது. கிரேட் நிகோபாரின் தென்முனையான இந்திரா முனை நாலு மீட்டருக்கும் மேல் இறங்கி, அங்கிருந்த கலங்கரை விளக்கத்தின் அடி தண்ணீருக்குள் போனது. வடக்கு அந்தமானின் சில கரைகள் மாறாக உயர்ந்து, பவளப்பாறைகள் வெளியே வந்து காய்ந்தன. கடல் அங்கேயேதான் இருந்தது. தரை நகர்ந்ததால், அதுவரை எழுதியிருந்த உயரங்கள் அன்று காலையோடு செல்லாதவை ஆயின.

இவ்வளவும் சர்வேயர்களின் விவகாரம் என்று தோன்றினால், வீடு வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அடுக்குமாடி வரைபடத்தில் தரைத்தளம் +100.60 என்று போட்டிருப்பதைப் பார்த்து, கடலிலிருந்து நூறு மீட்டர் உயரம், வெள்ளம் வராது என்று நிம்மதி அடைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சென்னையின் கரையோரப் பகுதியில் அப்படி ஓர் உயரமே கிடையாது. கட்டுமான இடத்தில் ஏதாவது ஒரு நிலையான மூலையை, ஒரு மதகின் மேல்பகுதியையோ சுற்றுச்சுவர்க் கல்லையோ, 100.000 என்று வைத்துக்கொண்டு வேலை தொடங்குவது வழக்கம். எதிர்மறை எண்கள் வராமல் இருக்க அது வசதி. டிபிஎம், அதாவது தற்காலிகப் பெஞ்ச் மார்க், என்று எழுதி ஒரு முக்கோணக் குறி போட்டிருப்பார்கள். வீட்டுக்கு அதனால் எந்தக் குறையும் இல்லை, மேட்டூரின் 120 அடியைப் போல அதுவும் நேர்மையான எண்தான். ஆனால் 2015 டிசம்பர் வெள்ளம் அந்தத் தெருவில் எந்த மட்டம் வரை வந்தது என்று யாராவது கடல் மட்டக் கணக்கில் சொன்னால், இந்த 100.60-ஓடு அதை ஒப்பிட முடியாது. பொறியாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு. டிபிஎம் எந்த இடத்தில் இருக்கிறது? அதைச் சர்வே ஆஃப் இந்தியாவின் பெஞ்ச் மார்க்கோடு இணைத்துக் கடல் மட்ட உயரம் எடுத்திருக்கிறீர்களா? இரண்டாவது கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், ஒரு லெவல் கருவியும் ஒரு ஸ்டாஃபும் வைத்துக்கொண்டு அரை நாளில் எடுத்துவிடலாம், பெஞ்ச் மார்க் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருந்தால். அதுவும் முடியாவிட்டால், வெள்ளக் கறை இன்னும் தெரிகிற சுவர் ஒன்றை அதே தெருவில் கண்டுபிடித்து, அந்தக் கறைக்கும் டிபிஎம்முக்கும் நேராக லெவல் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குக் கடல் தேவையில்லை.